கறுப்புத் திரையில் நின்ற மோட்டார்: ஒரு குறும்படத்துக்கு கேப்ஷன் எழுதிய அனுபவம்

போன டிசம்பரில் எங்கள் பினாங்கு நண்பர்கள் சிலர் சேர்ந்து 14 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தார்கள். ஜார்ஜ்டவுனுக்கு வெளியே ஒரு பழைய ஃபிளாட்டில் அம்மா கமலாவும் மகள் தேவியும் மட்டும் வாழ்கிறார்கள். அப்பா சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பவில்லை. கதை அவ்வளவுதான். பேச்சு குறைவு. பாதிக் கதையைச் சத்தத்திலேயே சொல்லியிருந்தார்கள். அதற்குத் தமிழில் கேப்ஷன் எழுதித் தரும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் பெரியம்மா. அவருக்கு இப்போது 63 வயது. 41 வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காதும் கேட்காமல் போனது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர், நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பவர். பேச்சு இன்னும் தெளிவாக வரும். நாம் சொல்வதை மட்டும் ஃபோனில் தட்டிக் காட்டவேண்டும்.

முதல் வரைவை இரண்டு சாயங்காலத்தில் முடித்துவிட்டேன். யார் என்ன பேசினார்களோ அதை அப்படியே எழுதி, நேரம் பொருத்தி, லேப்டாப்பில் போட்டுப் பெரியம்மாவை உட்காரவைத்தேன். 47-ஆவது விநாடியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இந்தப் பொண்ணு ஏன் திடீர்னு எழுந்து சில்லறைய எடுத்துக்கிட்டு ஓடுது?"

கீழே ரொட்டிக்காரர் மோட்டாரில் வந்து ஹார்ன் அடிக்கிறார். படத்தில் அவர் முகம் கிடையாது, ஹார்ன் மட்டும்தான். எனக்கு அது காதில் விழுந்துகொண்டே இருந்ததால் எழுதவேண்டும் என்றே தோன்றவில்லை. பேசுவதை மட்டும் எழுதினால் அது கேட்கத் தெரிந்தவருக்கு, மொழி தெரியாதவருக்கு ஆகும் சப்டைட்டில். கேட்காதவருக்கு வேண்டியது வேறு. இதை நான் முன்பே வாசித்திருந்தேன். ஆனால் பெரியம்மா கேட்ட அந்தக் கேள்வியில்தான் உறைத்தது. அப்புறம் முதல் வரைவை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

எந்தச் சத்தத்தை எழுதுவது

இரண்டாவது முறை நான் செய்த முதல் வேலை, ஹெட்ஃபோன் போட்டு, திரையை மூடிவிட்டுப் படத்தைக் கேட்டதுதான். கேட்ட ஒவ்வொரு சத்தத்தையும் நிமிடக் கணக்கோடு தாளில் எழுதினேன். மொத்தம் 61 வந்தது. குழாய்த் தண்ணீர், ஃபேன், பக்கத்து வீட்டு டிவி, தொழுகை அழைப்பு, காக்கா, பழைய பேப்பர் லோரியின் ஒலிபெருக்கி, தகரத்தில் மழை, கரண்டி கீழே விழுவது, இப்படி.

அறுபத்தொன்றையும் எழுதினால் திரையில் எழுத்து மட்டும்தான் இருக்கும். கேட்காதவர் படத்தையும் கேப்ஷனையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார். நாம் வைக்கும் ஒவ்வொரு வரியும் நடிகரின் முகத்திலிருந்து அவர் கண்ணை ஒரு விநாடியாவது கீழே இழுக்கும். அந்த விலைக்குத் தகுதி இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு படத்தைச் சத்தமில்லாமல் போட்டேன். எங்கெல்லாம் ஒருவர் காரணம் தெரியாமல் திரும்புகிறார், எழுகிறார், பேச்சை நிறுத்துகிறார் என்று குறித்தேன். அந்த இடங்களுக்கு நேரே தாளில் இருந்த சத்தங்கள் அத்தனையும் கட்டாயம் வேண்டும். ரொட்டிக்காரர் ஹார்ன் அப்படி ஒன்று. கரண்டி விழுவது வேண்டாம், அது திரையிலேயே தெரிகிறது. ஃபேன் வேண்டாம், அது ஓடுவதால் கதையில் எதுவும் ஆகவில்லை. பழைய பேப்பர் லோரியைப் பற்றி நிறைய யோசித்தேன். அது வந்தால் காலை பத்து பதினொரு மணி, வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம் என்ற உணர்வு பினாங்கில் வளர்ந்த எவருக்கும் வரும். அந்தக் காட்சியில் வேறு பேச்சும் இல்லை, கண்ணுக்கு நேரம் இருந்தது. அதனால் வைத்தேன். இதுவே பேச்சு நெருக்கமாக ஓடும் காட்சியாக இருந்தால் விட்டிருப்பேன். கடைசியில் 22 சத்தங்கள் நின்றன.

அடுத்தது, அவற்றை எந்தச் சொல்லால் எழுதுவது. தமிழில் இதற்கு வசதி அதிகம். மழைக்கு மட்டும் பாருங்கள்: மழை பிடிக்கிறது, வலுக்கிறது, ஓய்கிறது, விடுகிறது. வெறுமனே [மழைச் சத்தம்] என்று எழுதினால் அது தொடர்ந்து பெய்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். படத்தில் ஆறாவது நிமிடம் அம்மா ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது தகரத்தில் மழை சட்டென்று வலுத்து அவர் பேச்சை அமுக்கிவிடுகிறது. அங்கே [மழை வலுக்கிறது] என்றால்தான் அவர் ஏன் நிறுத்தினார் என்பது புரியும்.

இரட்டைக்கிளவிகள் விஷயத்தில் எனக்கும் இயக்குநருக்கும் கொஞ்சம் வாக்குவாதம். அவர் [தட தட தட] என்று எழுதினால் அழகாக இருக்கும் என்றார். பெரியம்மா மாதிரி ஒரு காலத்தில் கேட்டவருக்கு அது சரி, மனதில் சத்தம் எழும். பிறவியிலேயே கேட்காத ஒருவருக்கு எது தடதடக்கிறது என்பதே தெரியாது. கதவா, ரயிலா, இதயமா? அதனால் எதன் சத்தம் என்பதை எப்போதும் எழுதினேன். எப்படிப்பட்ட சத்தம் என்பது கதைக்கு முக்கியமான இடத்தில் மட்டும் கூடச் சேர்த்தேன். கடன்காரர் வரும் காட்சியில் [கதவைத் தடதடவென்று தட்டும் சத்தம்]. பக்கத்து வீட்டு அக்கா வரும்போது [கதவை மெல்லத் தட்டும் சத்தம்]. இரண்டிலும் அம்மா ஒரே மாதிரிதான் எழுந்து போகிறார். அவர் முகம் ஏன் மாறுபடுகிறது என்பதை அந்த ஒரு சொல்தான் சொல்கிறது.

இசையில் ஒரு இடம் என்னை நன்றாகச் சோதித்தது. ஏழாவது நிமிடம் அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடிக்கிறார். கீழே மண்டபத்தில் யாருக்கோ கல்யாணம். நாதஸ்வரம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. திடீரென்று கெட்டிமேளம். அம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. நான் முதலில் [பின்னணியில் மங்கள இசை] என்று எழுதியிருந்தேன். தப்பு. கெட்டிமேளம் என்றால் அந்த நொடியில் தாலி கட்டுகிறார்கள் என்று தமிழர் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லாவிட்டால் கை கழுத்துக்குப் போவதற்கு அர்த்தமே இல்லை. இப்படி மாற்றினேன்: முதலில் [கீழே மண்டபத்தில் நாதஸ்வரம்], 20 விநாடி கழித்து, மேளம் மாறும் அதே நொடியில், [கெட்டிமேளம்]. இரண்டாவது வரியில் ஒரே சொல்தான். கண் உடனே மேலே போய் அந்தக் கையைப் பார்த்துவிடலாம். [சோகமான இசை] என்று எங்கும் எழுதவில்லை. என்ன வாத்தியம், எங்கிருந்து, வேகமா மெதுவா என்று சொன்னால் போதும். சோகத்தை நடிகர் முகத்தில் காட்டிவிடுகிறார்.

பேசுபவர் பெயர்

திரையில் ஒருவர் வாயசைத்துப் பேசினால் பெயர் போடவில்லை. பேசுபவர் திரையில் இல்லாதபோதும், இரண்டு பேர் முதுகைக் காட்டி நிற்கும்போதும், இருட்டிலும் போட்டேன். எப்படிப் போடுவது என்பதில்தான் சிக்கல். ஆங்கிலக் கேப்ஷன்களில் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், திரைக்கு வெளியே இருந்து வரும் குரலைச் சாய்வெழுத்தில் போடுவார்கள். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்று கிடையாது. சாய்வெழுத்தும் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரையப்பட்டதல்ல, நேர் எழுத்தையே சாய்த்துவிடுவதுதான். தூரத்திலிருந்து வாசிக்கக் கண் கூசுகிறது.

பிபிசி வழக்கப்படி ஆளுக்கு ஒரு நிறம் கொடுக்கலாமா என்று பார்த்தேன். அங்கே வெள்ளை, மஞ்சள், வெளிர்நீலம், பச்சை என்று நான்கு நிறம் வைத்துப் பேசுபவரைப் பிரிப்பார்கள். ஆனால் நாங்கள் படத்தை யூடியூபில் போடப்போகிறோம். அங்கே எஸ்ஆர்டி என்ற கேப்ஷன் கோப்பில் நாம் கொடுக்கும் நிறம், சாய்வு எதையும் எடுத்துக்கொள்வதில்லை, எழுத்தும் நேரமும் மட்டும்தான் போகும். வெப்விடிடி என்ற இன்னொரு வடிவத்தில் பேசுபவர் பெயரைக் குறிக்கவே ஒரு குறியீடு இருக்கிறது:

```
00:03:05.000 --> 00:03:07.400
<v தேவி>யாரு அது?
```

இதை நம்பி ஒரு மணி நேரம் வேலை செய்த பிறகு உலாவியில் போட்டுப் பார்த்தால் திரையில் "யாரு அது?" மட்டும்தான் வருகிறது. பெயர் கோப்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. வலைப்பக்கத்தில் அலங்காரம் செய்பவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் நிறம் கொடுக்கத்தான் அது பயன்படும், பார்ப்பவருக்குத் தானாகக் காட்டாது. ஆக, பெயர் கண்ணில் படவேண்டும் என்றால் எழுத்தாகவே அடித்துவிடவேண்டும். பேசுபவருக்கு முக்காற்புள்ளி, சத்தத்துக்குச் சதுர அடைப்பு. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு படம் முழுக்க மாற்றாமல் எழுதினேன்.

பெயர் போடுவதில் நான் செய்த பெரிய பிழை நான்காவது நிமிடத்தில். அம்மாவுக்கு ஃபோன் வருகிறது. மறுமுனையில் ஒரு ஆண் குரல், "வீட்டுல இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறது. அது அப்பாவோ என்று நாம் நினைக்கவேண்டும். இரண்டு நிமிடம் கழித்துத்தான் பேசியது சேகர் மாமா என்று தெரிகிறது. கதை எனக்கு முன்பே தெரிந்ததால் நான் "சேகர் மாமா:" என்று எழுதிவைத்திருந்தேன். இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இத இப்பவே சொல்லிட்டா அந்த ரெண்டு நிமிசமும் போச்சே" என்றார். அதை "ஃபோனில் ஆண் குரல்:" என்று மாற்றினேன். கேட்பவருக்கு அந்த நொடியில் என்ன தெரியுமோ அதற்கு ஒரு சொல்லும் கூடவோ குறையவோ கேப்ஷனில் இருக்கக்கூடாது. இதை மனதில் வைத்து மீதி எல்லாப் பெயர்களையும் மறுபடி சரிபார்த்தேன். இன்னும் இரண்டு இடத்தில் இதே பிழை இருந்தது.

அந்த மோட்டார்

படத்தில் அப்பாவின் மோட்டார் மூன்று முறை கேட்கிறது, ஒருமுறைகூடக் கண்ணில் படுவதில்லை. எக்ஸாஸ்ட் ஓட்டையான பழைய வண்டி. ஓடும்போது நடுநடுவே விக்கும். ஒலிப்பதிவு செய்த தம்பி அதற்காகவே ஒரு வண்டியைத் தேடிப் பிடித்திருந்தார். முதல் தடவை, இரண்டாவது நிமிடத்துக்கு முன், ராத்திரியில் கீழே தெருவில் போகிறது. அம்மா ஜன்னலைப் பார்க்கிறார். பார்க்கும் நமக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இரண்டாவது தடவை ஒன்பதாவது நிமிடத்தில். அப்போது மகள், "அப்பா மோட்டார் மாதிரியே இல்ல?" என்கிறாள். மூன்றாவது தடவை படத்தின் கடைசியில். திரை முழுக்கக் கறுப்பாகிறது. அந்த மோட்டார் நெருங்கி வருகிறது, நிற்கிறது, எஞ்சின் அணைகிறது. அப்புறம் பெயர்கள் ஓடுகின்றன.

முதல் வரைவில் கடைசிக் காட்சிக்கு நான் எதுவுமே எழுதவில்லை. பேச்சு இல்லையே. பெரியம்மாவுக்குப் படம் எட்டு விநாடி கறுப்புத் திரையோடு முடிந்தது. கதையின் முடிவே அவர் கைக்கு வந்து சேரவில்லை.

சரி, எழுதுவோம் என்று [மோட்டார் வந்து நிற்கிறது] என்று போட்டேன். அதுவும் போதவில்லை. யாருடைய மோட்டார்? பினாங்கில் ஒரு தெருவில் ராத்திரி நூறு மோட்டார் போகும். கேட்பவருக்கு அந்த விக்கும் சத்தம் அடையாளம். முதல் தடவை கேட்டபோது காதில் விழுந்து, இரண்டாவது தடவை பெயர் பெற்று, மூன்றாவது தடவை தெரிந்தவரின் குரல் மாதிரி ஆகிவிடுகிறது. அதே பாதையில் கேப்ஷனும் போகவேண்டும். [அப்பாவின் மோட்டார்] என்று முதல் தடவையே எழுதினால் சேகர் மாமா பிழைதான் மறுபடியும். [மோட்டார் சத்தம்] என்று எழுதினால் மூன்றாவது தடவை அடையாளம் காண ஒன்றுமில்லை.

தீர்வு ஒரே ஒரு சொல்லில் இருந்தது. "விக்கும் மோட்டார்". முதல் தடவையிலிருந்தே அந்தச் சொல்லை மாற்றாமல் வைத்தேன். படத்தில் வேறு எந்த வண்டிக்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. ரொட்டிக்காரருக்கு ஹார்ன் மட்டும்தான், அவர் வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மூன்று இடமும் இப்படி வந்தன:

```
9
00:01:38,300 --> 00:01:40,800
[கீழே விக்கும் மோட்டார் ஒன்று கடக்கிறது]

71
00:09:14,000 --> 00:09:16,200
[விக்கும் மோட்டார் கடக்கிறது]

72
00:09:16,700 --> 00:09:19,000
தேவி: அப்பா மோட்டார் மாதிரியே இல்ல?

117
00:13:31,500 --> 00:13:34,500
[விக்கும் மோட்டார் நெருங்குகிறது]

118
00:13:37,200 --> 00:13:39,000
[எஞ்சின் அணைகிறது]
```

117-க்கும் 118-க்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று விநாடி திரையில் ஒன்றும் இல்லை, வெறும் கறுப்பு. அதை வேண்டுமென்றே விட்டேன். கேட்பவர் அந்த மூன்று விநாடியும் வண்டி நிற்குமா, தாண்டிப் போகுமா என்று காத்திருக்கிறார். இரண்டையும் ஒரே அட்டையில், அதாவது ஒரே நேரத்தில் திரையில் வரும் ஒரே கேப்ஷனில், எழுதிவிட்டால் வாசிப்பவருக்கு அந்தக் காத்திருப்பு கிடைக்காது.

இதே காரணத்தால் இன்னொரு வகைப் பிழையையும் படம் முழுக்கத் தேடித் திருத்தினேன். பேச்சும் அதைத் தொடர்ந்து வரும் சத்தமும் ஒரே அட்டையில் சேர்ந்துவிடுவது. இரண்டாவது நிமிடத்தில் மகள் பயந்து படுத்திருக்கிறாள், அம்மா தேற்றுகிறார், அதற்குள் கதவு தட்டப்படுகிறது. நான் இப்படி எழுதியிருந்தேன்:

```
14
00:02:11,200 --> 00:02:14,900
கமலா: ஒண்ணும் ஆவாது, படு.
[கதவைத் தட்டும் சத்தம்]
```

தட்டுவது 2 நிமிடம் 13.6 விநாடியில். அட்டை வருவது 11.2-இல். கிட்டத்தட்ட இரண்டரை விநாடிக்கு முன்பே வாசிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அம்மா தேற்றும் சொல் முடிவதற்குள் அது பொய் என்றாகிவிடுகிறது. பிரித்தேன்:

```
14
00:02:11,200 --> 00:02:13,500
கமலா: ஒண்ணும் ஆவாது, படு.

15
00:02:13,600 --> 00:02:15,100
[கதவைத் தட்டும் சத்தம்]
```

இந்த நேரங்களைக் காதால் கணிக்கமுடியாது. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் ஒலியின் அலைவடிவத்தை வரையச் சொல்லி, தட்டும் இடத்தில் கூர்மையாக எழும் கோட்டைப் பார்த்து அட்டையின் தொடக்கத்தை அங்கே இழுத்து வைத்தேன்.

வாசிக்க எவ்வளவு நேரம்

அதே மென்பொருள் ஒவ்வொரு அட்டைக்கும் விநாடிக்கு எத்தனை எழுத்து என்று கணக்குக் காட்டும். வேகம் அதிகமானால் சிவப்பாகும். என் கோப்பில் பாதிக்கு மேல் சிவப்பு. முதலில் பயந்துவிட்டேன். பிறகு பார்த்தால் என்னிடம் இருந்த அமைப்பில் அது தமிழைச் சரியாக எண்ணவில்லை. கணினிக்கு "பா" என்பது இரண்டு: ப ஒன்று, துணைக்கால் ஒன்று. "ப்" என்பதும் இரண்டு: ப ஒன்று, புள்ளி ஒன்று. கண்ணுக்கு இரண்டுமே ஒவ்வோர் எழுத்துதான். அதனால் நானே எண்ணிக்கொள்ள ஒரு சின்ன நிரல் எழுதினேன். மேலே கீழே ஒட்டும் குறிகளை விட்டுவிட்டு மீதியை எண்ணும்:

```python
import unicodedata

def ezhuthu(s):
    return sum(1 for c in s
               if not unicodedata.category(c).startswith("M"))
```

ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். அம்மா சொல்வது: "அவரு அன்னைக்கு ராத்திரி பட்டர்வொர்த்துக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு". கணினிக் கணக்கில் 77. எழுத்துக் கணக்கில், இடைவெளியும் சேர்த்து, 44. அவர் இதை 2.6 விநாடியில் பேசி முடிக்கிறார். மென்பொருள் விநாடிக்கு 29.6 என்று அலறுகிறது, உண்மையில் 16.9. ஆனாலும் 16.9 கூட அதிகம்தான். பெரியம்மாவை வைத்துப் பல வேகத்தில் சோதித்துப் பார்த்தபோது விநாடிக்கு 13 எழுத்துவரை அவர் நிதானமாக வாசித்துவிட்டு முகத்தையும் பார்த்தார். அதைத் தாண்டினால் எழுத்திலேயே கண் மாட்டிக்கொண்டது.

சொல்லைச் சுருக்குவது ஒரு வழி. "அன்னைக்கு ராத்திரி" என்பதை எடுத்துவிடலாம். எனக்கு மனம் வரவில்லை, அந்த ராத்திரிதான் கதை. நல்லவேளையாக அந்த வசனத்துக்குப் பிறகு அம்மா ஒரு விநாடிக்கு மேல் பேசாமல் இருக்கிறார். அட்டையை அந்த மௌனத்துக்குள் 0.8 விநாடி நீட்டினேன். 3.4 விநாடியில் 44 எழுத்து, விநாடிக்கு 12.9. ஒரு சொல்கூடக் குறையவில்லை. இப்படிப் பின்னால் நீட்டுவதில் கெடுதல் எதுவும் இல்லை. முன்னால் இழுப்பதுதான் மேலே சொன்னபடி ரகசியத்தை உடைத்துவிடும். நீட்ட இடமே இல்லாத ஆறு அட்டைகளில் மட்டும் "வந்து", "பாரு", "என்ன" மாதிரி ஒட்டுச் சொற்களை எடுத்தேன்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா

மேலே உள்ள உதாரணங்களில் பேச்சை அப்படியே எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "ஒன்றும் ஆகாது" என்று எழுதாமல் "ஒண்ணும் ஆவாது" என்று. பெரியம்மாவுக்கு அதுதான் பிடித்தது. "படிக்கும்போது ஆள் பேசுற மாதிரி இருக்கு" என்றார். 41 வயதுவரை கேட்டவர் அல்லவா, அந்த எழுத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு குரல் எழுகிறது.

பிறகு இயக்குநரின் நண்பர் ஒருவரிடம் காட்டினோம். 24 வயது இளைஞர், பிறந்ததிலிருந்து கேட்காது. தஞ்சோங் பூங்காவில் இருக்கும், 1954-இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் மலாய் மொழியில் படித்தவர். கைமொழியில் சரளமாகப் பேசுகிறார். தமிழை அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அச்சுத் தமிழ் மட்டும் கொஞ்சம் வாசிப்பார். "ஆவாது" அவரை நிறுத்திவிட்டது. அவர் ஒருநாளும் கேட்காத ஒலியை நான் எழுத்துக்கூட்டி வைத்திருக்கிறேன். "ஆகாது" என்றால் அவருக்குத் தெரியும், ஏனென்றால் அதைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறார். "சொல்லிட்டுத்தான்" சுத்தமாகப் புரியவில்லை.

இருவருக்கும் ஒரே கோப்பு பொருந்தாது என்று தெரிந்துவிட்டது. எழுத்துத் தமிழில் ஒன்று செய்து தரட்டுமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஃபோனில் மலாயில் தட்டிக் காட்டினார்: மலாயில் கொடுத்தால் முழுப் படமும் பார்ப்பேன். அதனால் தமிழ்க் கோப்பைப் பேச்சுத் தமிழிலேயே விட்டுவிட்டு, அதே 118 அட்டைகளுக்கு, அதே நேரங்களில், மலாயில் இரண்டாவது கோப்பு ஒன்று செய்தேன். பெயரும் சத்தமும் அதிலும் உண்டு. மலாய் மொழிபெயர்ப்பு சப்டைட்டில் என்று வழக்கமாகச் செய்வது பேச்சை மட்டும்தான். அதைக் கொடுத்திருந்தால் அவரும் எட்டு விநாடி கறுப்புத் திரையைத்தான் பார்த்திருப்பார். கெட்டிமேளத்துக்கு மலாயில் ஒரு சொல் இல்லை. "தாலி கட்டும் நேரத்து மேளம்" என்ற பொருளில் எழுதினேன், நீளமானாலும் பரவாயில்லை என்று.

கோப்பைச் சேர்க்கும்போது

கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கவேண்டும். பழைய முறையில் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்பக் கொண்டுவர வழியில்லை. யூடியூபில் ஏற்றும்போது சிக்கல் வரவில்லை. சிக்கல் வந்தது குடியிருப்பு மண்டபத்தில் திரையிட்டபோது. பென்டிரைவில் படத்தையும் எஸ்ஆர்டியையும் போட்டு அங்கிருந்த டிவியில் சொருகினால், நேரத்துக்கு அட்டை வருகிறது, ஆனால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது. அந்த டிவிக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. வேறு வழியில்லாமல் ffmpeg என்ற இலவச மென்பொருளால் எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிட்டேன்:

```
ffmpeg -i padam.mp4 -vf "subtitles=padam.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=20'" -c:a copy padam_cc.mp4
```

இப்படிப் பதித்தால் வேண்டாதவர் அணைத்துவைக்க முடியாது. அந்தத் திரையிடலுக்கு அது குறையாகத் தெரியவில்லை. பதித்த பிறகு "கொ", "வொ" மாதிரி எழுத்துக்களில் கொம்பு சரியான பக்கத்தில் நிற்கிறதா என்று இரண்டு மூன்று இடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துகளை ஒன்றுசேர்க்கத் தெரியாத மென்பொருளாக இருந்தால் முதலில் உடைவது அங்கேதான்.

மண்டபத்தில் பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாவது நிமிடத்தில் தேவி அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே என் கையைத் தட்டி, "அதே வண்டிதானே?" என்றார். கடைசியில் திரை கறுத்து, 117 வந்து, போனது. மூன்று விநாடி. 118 வந்தது. விளக்குப் போட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"வண்டி நின்னுச்சு சரி. மேல வந்தாரா?"

அந்தச் சத்தம் படத்திலேயே இல்லை என்று ஃபோனில் தட்டிக் காட்டினேன். பின்வரிசையில் காது கேட்கும் இரண்டு பேர் இயக்குநரிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.